பத்து வருஷம் ஏழு மாதம்: பத்தா, பதினொன்றா?

சித்தி மகள், எனக்கு அக்கா முறை, ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். வேலையை விட்ட பிறகு ஃபைனல் செட்டில்மென்ட் தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தாளில் ஒரே ஒரு வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினாள். "பணிக்காலம்: 10.63 ஆண்டு" என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி "கிராஜுவிட்டி: 1,50,000".

"பத்துக்கு மேல இருக்கற புள்ளி அறுபத்து மூணு எங்கடா போச்சு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே, ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே பயன்படுத்தக் கூடாது என்பது தெரியாமல்தான் பலரும் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது வராத பணத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள். இந்தியாவில் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையின் கணக்கு. அதையே எடுத்துக்கொள்கிறேன். பி.எஃப். பென்ஷனில் இதே "ஆறு மாதம்" வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை அப்புறம் பார்க்கலாம்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டம் சொன்னது இது: முடிந்த ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும், அல்லது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்டுப் பகுதிக்கும், பதினைந்து நாள் சம்பளம். அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவில் இரண்டாம் உட்பிரிவு இது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே சொற்கள் தொடர்கின்றன. எனவே பழைய சட்டத்தில் வேலையை விட்டவருக்கும் புதிய சட்டத்தில் விடுபவருக்கும் நான் இங்கே சொல்லும் ஆறு மாத விதி ஒன்றுதான்.

"சம்பளம்" என்றால் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அதாவது பேசிக்கும் டி.ஏ.யும். வீட்டு வாடகைப்படி, ஊக்கத்தொகை, மிகைநேரக் கூலி போன்றவை பழைய சட்டத்தில் சேராது. புதிய தொகுப்பில் "ஊதியம்" என்ற சொல்லின் வரையறை மாறியிருக்கிறது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். அது தனிக் கதை. வருஷக் கணக்கை அது தொடாது.

மாதச் சம்பளக்காரருக்கு பதினைந்து நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தில் பாதி அல்ல. ஒரு மாதத்தில் 26 வேலை நாள் என்று வைத்து, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். அக்காவின் கடைசி பேசிக்கும் டி.ஏ.யும் சேர்ந்து 26,000 ரூபாய். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. ஆக, ஒரு வருஷப் பணிக்கு 15,000 ரூபாய்.

அடுத்து, எத்தனை வருஷம்? அவள் சேர்ந்தது 2013 ஜூன் 3. கடைசி வேலை நாள் 2024 ஜனவரி 18. 2013 ஜூன் 3 முதல் 2023 ஜூன் 2 வரை பத்து முழு ஆண்டு. அங்கிருந்து 2024 ஜனவரி 2 வரை ஏழு மாதம். மீதி பதினாறு நாள். மொத்தம் பத்து வருஷம், ஏழு மாதம், பதினாறு நாள்.

பத்து வருஷம் முடிந்தது. மிச்சமிருக்கும் துண்டு ஆறு மாதத்துக்கு மேல். எனவே அந்தத் துண்டும் ஒரு முழு வருஷம். பதினொரு வருஷத்துக்கு 1,65,000 ரூபாய் வர வேண்டும். நிறுவனம் போட்டது 1,50,000. ஒரு தசமப் புள்ளியில் 15,000 ரூபாய் காணாமல் போயிருந்தது.

இதில் இன்னொரு தவறும் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் 10.63-ஐ அப்படியே 15,000-ஆல் பெருக்கி 1,59,450 என்று போடுவார்கள். ஒரு பைசாவையும் விடாமல் கணக்குப் போட்டதுபோல அது நியாயமாகத் தெரியும். ஆனால் சட்டம் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை. துண்டு ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு வருஷம், தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் விகிதம் கிடையாது. பத்து வருஷம் மூன்று மாதம் பணி செய்தவருக்கு அந்த மூன்று மாதத்துக்கு எதுவும் வராது. பத்து வருஷம் ஏழு மாதம் செய்தவருக்கு ஐந்து மாதம் கூடுதலாகவே கிடைக்கும். வருஷம் முடியாமல் வெளியேறும் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதலும் குறைவும் ஏறக்குறைய சரியாகிவிடும்.

விகிதக் கணக்கு பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்படும் ஊழியருக்கு, புதிய தொகுப்பின்படி பணிக்காலத்தின் விகிதத்தில்தான் கிராஜுவிட்டி. அவருக்கு ஆறு மாதம் ஏறுமா இறங்குமா என்ற பேச்சே எழாது. அக்கா நிரந்தர ஊழியர் என்பதால் அவளுக்கு இது பொருந்தாது.

"மேல்" என்ற ஒரு சொல்

சட்டம் "ஆறு மாதமும் அதற்கு மேலும்" என்று சொல்லவில்லை. "ஆறு மாதத்துக்கு மேல்" என்கிறது. இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் கடைசித் தேதியைத் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு அது அரை மாதச் சம்பளத்துக்கும் மேல்.

ஒருவர் 2015 ஏப்ரல் 1 அன்று சேர்ந்து 2022 செப்டம்பர் 30 வரை வேலை பார்த்தார் என்று வையுங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்றால் சரியாக ஆறு மாதம். அவருடைய பணி ஏழு வருஷம், ஆறு மாதம், பூஜ்ஜியம் நாள். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாளும் இல்லை. எனவே ஏழு வருஷம்தான். அவர் அக்டோபர் 1-ஆம் தேதியும் வேலைக்கு வந்து அன்று மாலை விடைபெற்றிருந்தால் எட்டு வருஷம்.

ராஜினாமா கடிதம் எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் கிளம்புவது எல்லாருக்கும் பழக்கம். மாதம் முதல் தேதியில் சேர்ந்தவர், ஆறு மாதம் முடியும் அன்று மாதக் கடைசி நாளில் கிளம்பினால் ஒரு நாள் குறையால் ஒரு வருஷத்தை இழக்கிறார். நோட்டீஸ் காலத்தை ஒரு வாரம் நீட்டிக் கேட்டாலே போதும். முதலாளி விரும்பினால் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. சில நிறுவனங்கள் சரியாக ஆறு மாதத்தையும் முழு வருஷமாக ஏற்கின்றன. ஆனால் அது அவர்கள் கொள்கை. நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது.

கணினியில் கணக்குப் போடும்போது இந்த "மேல்" பெரும்பாலும் தொலைந்துபோகிறது. அக்காவின் தாளில் என்ன நடந்தது என்பதை நான் ஊகித்தேன். யாரோ 10.63-ஐ `INT` போட்டு வெட்டியிருக்கிறார்கள், பின்னம் முழுதும் உதிர்ந்துவிட்டது. இதற்கு மாறாக `ROUND` போட்டால் 10.63 சரியாக 11 ஆகும். ஆனால் 7.5-ம் 8 ஆகிவிடும், அது "மேல்" என்பதை மீறுகிறது. தேதியை 365-ஆல் வகுத்து எடுக்கும் பின்னம் லீப் வருஷத்தால் ஒன்றிரண்டு நாள் நகரும். ஆறு மாத எல்லையின் விளிம்பில் ஒன்றிரண்டு நாள்தான் முக்கியம்.

அதனால் தசமத்தை விட்டுவிட்டு, தேதியோடு தேதியை ஒப்பிடுவதே நல்லது. எக்செலில் சேர்ந்த தேதி A1-லும் கடைசி வேலை நாள் B1-லும் இருந்தால் இப்படி எழுதலாம். முதல் வரி C1 கட்டத்துக்கு, இரண்டாவது D1-க்கு:

```
=DATEDIF(A1,B1+1,"y")
=C1+IF(B1+1>EDATE(A1,12*C1+6),1,0)
```

முதல் வரி முடிந்த ஆண்டுகளை எண்ணுகிறது. இரண்டாவது வரி, முடிந்த ஆண்டுகளோடு ஆறு மாதத்தைக் கூட்டி வரும் தேதியை எடுத்து, பணி அதைத் தாண்டியதா என்று பார்க்கிறது. தாண்டினால் ஒன்று கூடும். B1-உடன் ஒன்றைக் கூட்டுவது எதற்கு? கடைசி நாளும் வேலை நாள் என்பதால் அதையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாருக்கும் ஒரு நாள் குறையும். மேலே சொன்ன செப்டம்பர் 30 எடுத்துக்காட்டை இதில் போட்டால் 7 வரும், அக்டோபர் 1 போட்டால் 8 வரும். ஒரு சூத்திரம் சரியா என்று பார்க்க இந்த இரண்டு தேதிகளையும் கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

வாசலில் வேறு விதி

இப்போது மிக அதிகம் பேர் தடுமாறும் இடம். "நாலு வருஷம் ஏழு மாசம் ஆச்சு, ஆறு மாசத்துக்கு மேல இருக்கே, அஞ்சாகக் கணக்கு வெச்சுக் கிராஜுவிட்டி தர மாட்டாங்களா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

தர மாட்டார்கள். காரணம் விதியின் இடம். கிராஜுவிட்டிக்கு இரண்டு படி உண்டு. ஒன்று வாசல்: நீங்கள் வாங்கத் தகுதி உள்ளவரா? இரண்டாவது உள்ளே: எவ்வளவு? ஆறு மாதத்தை முழு வருஷமாக்கும் வாக்கியம் "எவ்வளவு" என்ற இரண்டாவது படியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வாசலில் இருப்பது வேறு வாக்கியம்: ஐந்து ஆண்டுக்குக் குறையாத தொடர்ச்சியான பணி. அங்கே முழுமையாக்கும் பேச்சே இல்லை. வாசலைக் கடந்தவருக்குத்தான் உள்ளே இருக்கும் வாக்கியம் பயன்படும்.

வாசலை விதி தானே திறந்துவிடும் நேரமும் உண்டு. விபத்தாலோ நோயாலோ ஒருவர் உடல் ஊனமுற்று வேலை செய்ய முடியாமல் போனால் ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. அப்படி இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் வெளியேறியவருக்கு நேரடியாக உள்ளே இருக்கும் வாக்கியம் பொருந்தும். மூன்று வருஷமாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

சரி, நாலு வருஷம் ஒன்பது மாதத்தோடு கிளம்பும் மற்றவர்களுக்கு எந்த வழியும் இல்லையா? ஒரு வழி உண்டு. ஆனால் அதன் பெயர் ஆறு மாதம் அல்ல, 240 நாள்.

"தொடர்ச்சியான பணி" என்றால் என்ன என்பதைச் சட்டம் தனியாக வரையறுத்திருக்கிறது. ஒரு வருஷம் முழுதும் இடைவெளியின்றி வேலை பார்த்திராவிட்டாலும், அந்தப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓர் ஆண்டுத் தொடர்ச்சியான பணியாகக் கருதப்படும். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடத்திலும், நிலத்தடிச் சுரங்கத்திலும் 190 நாள் போதும். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வரையறையை ஐந்தாம் ஆண்டுக்கும் பொருத்தியது. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவர் ஐந்து ஆண்டுத் தகுதி பெற்றவரே என்றது. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியும். அதற்கு எதிரான வாதமும் சட்டத்தில் உண்டு. 240 நாள் விதி வேலையில் விழுந்த இடைவெளியைச் சரிக்கட்டவே எழுதப்பட்டது, முடியாத வருஷத்தை முடித்துக் காட்ட அல்ல என்பார்கள். அதனால் சில நிறுவனங்கள் ஐந்து முழு வருஷத்தில் பிடிவாதமாக இருப்பார்கள், விஷயம் பணிக்கொடைத் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரியிடம் போகும். பழைய சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு தொழிலாளர் உதவி ஆணையரிடம் இருந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எது வாதத்துக்குரியது என்று புரியும். ஒருவர் 2017 ஜூலை 10-இல் சேர்ந்து 2022 ஏப்ரல் 25-இல் விலகுகிறார். நான்கு வருஷம், ஒன்பது மாதம், பதினாறு நாள். ஐந்தாம் ஆண்டு தொடங்கியது 2021 ஜூலை 10. அன்று முதல் ஏப்ரல் 25 வரை நாட்காட்டியில் 290 நாள். அதில் ஞாயிறு 42. ஞாயிறுகளைக் கழித்தால் 248. அவர் பன்னிரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார் என்று வைப்போம். 236 ஆகிவிடுகிறது. நாலு நாள் குறைவு, தகுதி போயிற்று. ஆனால் சம்பளத்தோடு வந்த ஞாயிறுகளையும் சேர்த்தால் 278, தகுதி உண்டு. ஒரே ஆள், ஒரே தேதிகள், விடை மட்டும் மாறுகிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இதே போன்ற 240 நாள் விதிக்கு, சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் சேரும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதிகாரியிடம் போகும்போது இந்த வாதத்தை எடுத்து வைக்கலாம். முழுச் சம்பள விடுப்பும் மகப்பேறு விடுப்பும் வேலை செய்த நாளாகவே எண்ணப்படும் என்று பணிக்கொடைச் சட்டமே சொல்கிறது.

240 நாள் என்றால் நாட்காட்டியில் கிட்டத்தட்ட எட்டு மாதம். எனவே வாரம் ஆறு நாள் இயங்கும் இடத்தில் நாலு வருஷம் ஏழு மாதத்தோடு கிளம்புபவருக்கு இந்த வழியிலும் எட்டாது. அங்கே எட்டு மாதத்தைத் தாண்டியவருக்குத்தான் பேசவே இடம். அவர் வாசலைக் கடந்துவிட்டால் உள்ளே ஐந்து வருஷத்துக்கான தொகை கிடைக்கும். ஏனென்றால் நாலுக்கு மேல் உள்ள துண்டு ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கும். இரண்டு விதிகள் ஒருவருக்கே அடுத்தடுத்து உதவும் இடம் இது.

பி.எஃப். பென்ஷனில் அதே ஆறு மாதம்

இப்போது 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு வருவோம். பி.எஃப். கணக்கோடு சேர்ந்து ஓடும் பென்ஷன் இது. இங்கேயும் ஆறு மாதம் வருகிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் தலைகீழ்.

முதலாவது, இங்கே வாக்கியம் "ஆறு மாதமும் அதற்கு மேலும்". சரியாக ஆறு மாதம் இருந்தாலே ஒரு வருஷமாக ஏறும். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, இங்கே முழுமையாக்கும் வாக்கியம் வாசலிலேயே நிற்கிறது. பென்ஷன் வாங்கப் பத்து ஆண்டு "தகுதிப் பணி" வேண்டும். தகுதிப் பணி என்பதை வரையறுக்கும் பத்தியிலேயே மொத்தப் பணியை அருகிலுள்ள முழு ஆண்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எனவே ஒன்பது வருஷம் ஆறு மாதம் பத்து ஆகிறது. மாதாமாதம் பென்ஷனுக்குத் தகுதி வந்துவிடுகிறது. ஒன்பது வருஷம் ஐந்து மாதத்தோடு நின்றால் பென்ஷன் இல்லை, மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கிராஜுவிட்டியில் நாலரை ஐந்தாகாது, பென்ஷனில் ஒன்பதரை பத்தாகும். விதி எந்தப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது என்பதே காரணம்.

தொகை எவ்வளவு வரும்? பென்ஷனுக்கு உரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். சம்பள உச்சவரம்பான 15,000-ஐ வைத்தால் பத்து ஆண்டுக்கு மாதம் சுமார் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுதும் வருவது, பிறகு துணைக்கும் போவது. ஒரு மாதக் குறைவால் அதை விடுவது வருத்தமான விஷயம்.

இன்னொரு பெரிய வேறுபாடு, எத்தனை முதலாளி என்பது. கிராஜுவிட்டி ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனி. ஒன்றில் நாலு வருஷம், இன்னொன்றில் நாலு வருஷம் செய்தவர் எட்டு வருஷக்காரர் அல்ல, இரண்டு இடத்திலும் வாசலிலேயே நின்றவர். பென்ஷனில் அப்படியில்லை. எல்லா நிறுவனப் பணியையும் ஒன்றாகக் கூட்டி, கடைசியில் ஒரே முறைதான் முழுமையாக்க வேண்டும். ஒருவர் முதல் இடத்தில் நாலு வருஷம் ஐந்து மாதம், அடுத்த இடத்தில் ஐந்து வருஷம் இரண்டு மாதம் செய்தார் என்று வைப்போம். தனித்தனியே முழுமையாக்கினால் நாலும் ஐந்தும் ஒன்பது, பென்ஷன் இல்லை. சேர்த்துக் கூட்டினால் ஒன்பது வருஷம் ஏழு மாதம், அதாவது பத்து. பென்ஷன் உண்டு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. முதல் வேலையை விட்டபோது பி.எஃப். பணத்தோடு பென்ஷன் தொகையையும் படிவம் 10C போட்டு எடுத்துவிட்டால் அந்த நாலு வருஷம் ஐந்து மாதமும் அழிந்துவிடும். எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றியவருக்குத்தான் கூட்டல் நடக்கும்.

ஒன்பதரை வருஷத்தை ஒட்டி இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பென்ஷனில் எண்ணப்படுவது சந்தா கட்டிய பணி. சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாட்களுக்குச் சந்தா இல்லை, அவை `NCP` நாட்கள் என்ற பெயரில் பதிவாகும். ஒன்பது வருஷம் எட்டு மாதம் என்று நம்பிக்கையாக இருப்பவருக்கு எழுபத்தைந்து நாள் `NCP` இருந்தால், இரண்டரை மாதம் கழிந்து ஒன்பது வருஷம் ஐந்தரை மாதம் ஆகிவிடும். பத்து வராது. பி.எஃப். வலைத்தளத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் இது தெரியாது.

அரசு ஊழியர் பக்கம் இந்த ஆறு மாதமே இல்லை, மூன்று மாதம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியருக்குப் பணியை அரையாண்டுகளாக எண்ணுவார்கள். மூன்று மாதமும் அதற்கு மேலும் உள்ள துண்டு ஓர் அரையாண்டு. அங்கே ஒன்பது வருஷம் ஒன்பது மாதம் இருபது அரையாண்டு ஆகி, பத்து ஆண்டுத் தகுதிக்குப் பொருந்துகிறது. ஒரு வீட்டில் அப்பா அரசு வேலை, மகள் தனியார் வேலை என்றால் அப்பா சொல்லும் விதியை மகள் தன் கிராஜுவிட்டிக்குப் பொருத்திவிடக் கூடாது. நண்பர்கள் பேச்சில் இந்தக் கலப்படம் அடிக்கடி நடக்கிறது.

எந்தத் தேதியிலிருந்து

விதி தெரிந்த பிறகும் சண்டை வருவது தொடக்கத் தேதியில். நிரந்தரம் ஆன நாளிலிருந்து எண்ணுவேன் என்று நிறுவனம் சொல்லும். ஆனால் தகுதிகாண் காலமும் பணிதான். அதை நீக்க முடியாது. பயிற்சிக் காலம் அப்படி எளிதல்ல: அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் தொழில் பழகுநராக இருந்தவரின் அந்தக் காலம் சேராது, நிறுவனம் வெறுமனே "ட்ரெய்னி" என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுத்து வேலை வாங்கியிருந்தால் சேர்த்துக் கேட்கலாம். ஆறு மாத ப்ரொபேஷனை நீக்கிவிட்டு எண்ணும்போது பாதிக்கப்படுபவர் பெரிய அடி வாங்கக்கூடும். நீக்குவது ஆறு மாதம்தான் என்றாலும், துண்டு ஆறு மாதத்தைத் தாண்டாமல் ஒரு முழு வருஷமே போய்விடக்கூடும்.

அக்காவின் கையில் முதல் நியமனக் கடிதம் இருந்தது, 2013 ஜூன் 3 என்ற தேதியோடு. ரிலீவிங் லெட்டரில் 2024 ஜனவரி 18 இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, மேலே போட்ட கணக்கை நாலு வரியில் எழுதினோம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பத்து வருஷம் ஏழு மாதம் பதினாறு நாள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி என்பதால் பதினொன்று. கீழே 26,000 பெருக்கல் 15 வகுத்தல் 26 பெருக்கல் 11. கோபமான வாசகம் எதுவும் வேண்டாம் என்றேன். பணிக்கொடை உரியதான நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனி வட்டி சேரும் என்று மட்டும் கடைசி வரியில் குறிப்பிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் திருத்திய தாள் வந்தது. பணிக்காலம் என்ற கட்டத்தில் 10.63-ஐ அடித்து, பேனாவால் 11 என்று எழுதி, பக்கத்தில் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.